பார்ட்னர்ஷிப் பத்திரத் தமிழாக்கத்துக்கு ₹14,000 கட்டி ஏமாந்த கதை: காரைக்குடிப் பக்கத்துத் தொழில்காரர்கள் கவனத்துக்கு

ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்று. பங்குதாரர்கள் மூன்று பேர். ஆடிட்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பத்திரம் இருக்கிறது. மூவரில் ஒருவரான ஆச்சிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "என்னத்துல கையெழுத்துப் போடுறேன்னு எனக்குத் தெரிய வேணாமா"ன்னு கேட்டார்கள். நியாயம்தானே? அதற்காகத்தான் ஆன்லைனில் ஆவணம் மொழிபெயர்த்துத் தரும் ஒரு தளத்தில் ₹14,000 முழுசாக முன்கூட்டியே கட்டினோம்.

நம்ப வைத்தது அவர்கள் இலவசமாக அனுப்பிய மாதிரிப் பக்கம். சுத்தமான தமிழ், பிழையே இல்லை. போனில் பேசிய அம்மா, "சட்டப் பத்திரம் மட்டுமே பார்க்கிற ஆள்தான் சார் செய்வார்" என்று நிதானமாகச் சொன்னார். ஆனால் அந்த மாதிரிப் பக்கம், பத்திரத்தின் முதல் பக்கம்தான். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தேதி, இவ்வளவுதான் அதில். பத்திரத்தின் உயிர் இருக்கிற இடம் அதுவல்ல.

வந்து சேர்ந்ததைப் பாருங்கள். மூலதனம் 10 லட்சம், 6 லட்சம், 4 லட்சம். ஆச்சியுடையது அந்த 4 லட்சம். பட்டறை நிற்கிற இடமும் அவர்களுடையது, வாடகை கிடையாது. அதனால்தான் லாப நஷ்டத்தை, மூலதனம் எவ்வளவு என்று பார்க்காமல், 40:35:25 என்று பிரிக்க வேண்டும் என மூலத்தில் இருக்கிறது. தமிழில் "மூலதன விகிதப்படி பிரிக்கப்படும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வருஷ லாபம் 12 லட்சம் என்றால் ஆச்சிக்கு 3 லட்சம் வர வேண்டும். மூலதனப்படி போனால் 20 சதவீதம்தான், 2 லட்சத்து 40 ஆயிரம். வருஷத்துக்கு 60 ஆயிரம் போச்சு. கடைசிப் பக்க அட்டவணையில் மட்டும் 40:35:25 அப்படியே நிற்கிறது. ஒரே பத்திரத்தில் இரண்டு கணக்கு! நாளைக்குச் சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டுவார்கள்.

விலகும் ஷரத்து இதைவிட மோசம். ஒரு பங்குதாரர் விலக நினைத்தால் மூன்று மாதம் முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் விலகினாலும் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்து நடத்தலாம் என்பது மூலம். இவர்கள் "பணி ஓய்வு பெற்ற மூன்று மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். பங்குதாரர் என்ன சர்க்கார் உத்தியோகமா பார்க்கிறார்? முன்னால் என்பது பின்னால் ஆகிவிட்டது. விலகுகிறவருக்குச் சேர வேண்டியது அவருடைய மூலதனக் கணக்கு, பேரேட்டில் அவர் பேரில் உள்ள நடப்புக் கணக்கு, நற்பெயர் மதிப்பில் அவர் பங்கு, இதெல்லாம் சேர்ந்து, எடுத்த பணம் போக மீதி. அந்த நடப்புக் கணக்கை "வங்கி நடப்புக் கணக்கின் இருப்பு" ஆக்கிவிட்டார்கள். ஒருவர் விலகும்போது கடையின் வங்கிப் பணத்தையே கேட்கலாம் என்றல்லவா ஆகிறது!

பொது அறிவிப்பு ஷரத்தைக் காணவே காணோம். 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, விலகியதைப் பொது அறிவிப்பாகக் கொடுக்கும் வரை, விலகியவர் வெளியாருக்குப் பொறுப்பாளியாகத்தான் நீடிப்பார். பதிவு செய்த நிறுவனம் என்றால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும், அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். அது இல்லாத தமிழ்ப் பிரதியை நம்பி ஆச்சி விலகியிருந்தால், அதன்பிறகு மற்ற இருவர் வாங்குகிற சிமெண்டுக் கடனுக்கும் ஆச்சியிடம் வந்து நிற்பார்கள்.

இதையெல்லாம் ஷரத்து எண் போட்டு எழுதி அனுப்பினால், "தரப் பரிசோதனை முடிந்து அனுப்பியது" என்று பதில். மறுபடி எழுதினால் "நடை விருப்பத்துக்கான திருத்தம் கட்டணத்துக்கு உட்பட்டது". லாபப் பங்கு மாறியது நடை விருப்பமா? கடைசியில் புகாரையே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். ₹14,000 திரும்பவில்லை. பேச ஆளும் இல்லை.

கொடுக்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சொல்வது: மாதிரியாக முதல் பக்கத்தை வாங்காதீர்கள், விலகும் ஷரத்தைக் கொடுத்து வாங்குங்கள். வட்டி எழுதிய இடத்தில் வருஷத்துக்கா மாதத்துக்கா என்று பாருங்கள். நம் ஊரில் ரூபாய் வட்டி என்றால் மாசக் கணக்கு, பத்திரத்தில் 12 சதவீதம் வருஷக் கணக்கு. எண்களையும், முன், பின், இல்லை, தவிர என்ற சொற்களையும் மூலத்தோடு ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். இரண்டு பிரதியும் முரண்பட்டால் எது செல்லும் என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ₹14,000 எங்களோடு போகட்டும்.