கேன்டீன் பண்டங்களுக்கு ஒவ்வாமைச் சீட்டு: வண்ணப் பொட்டா, ‘இல்லாதது’ சீட்டா, ‘உள்ளது’ சீட்டா?

பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் முதல் நம் பள்ளிக் கேன்டீனில் ஒவ்வொரு தட்டுக்கு முன்னும் ஒரு சீட்டு இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் இதைச் செய்கிறோம். எப்படி எழுதுவது என்பதில் மூன்று யோசனைகள் வந்தன. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்திருக்கிறோம். சீட்டை எப்படிப் படிப்பது என்பது அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் யோசனை வண்ணப் பொட்டு. பாலுக்கு நீலம், கோதுமைக்கு மஞ்சள், வேர்க்கடலைக்குச் சிவப்பு என்று ஒட்டிவிட்டால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் என்பது இதன் பலம். ஆனால் நம் நாட்டில் பச்சைப் பொட்டுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். பால்கோவாவிலும் அது இருக்கும், முந்திரி பிஸ்கட்டிலும் இருக்கும். ‘பச்சை என்றால் சாப்பிடலாம்’ என்று வீட்டில் கேட்டுப் பழகிய பிள்ளை, பால் ஒவ்வாமை இருந்தாலும் அதை எடுத்துவிடும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளும், குறிப்பாக ஆண்பிள்ளைகள், எந்தப் பள்ளியிலும் சிலர் இருப்பார்கள். போதாததற்கு, வடைத் தட்டின் ஆவியிலும் எண்ணெயிலும் பொட்டு ஒரு மணி நேரம் ஒட்டி நிற்பதில்லை. விழுந்த பொட்டும் ஒட்டாத பொட்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

இரண்டாவது யோசனை, பெற்றோர் பலரும் விரும்பியது: ‘வேர்க்கடலை இல்லாதது’, ‘கோதுமை இல்லாதது’ என்று எழுதுவது, முடிந்தால் கேன்டீனையே வேர்க்கடலை இல்லாத இடமாக்கிவிடுவது. படிக்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த நிம்மதிக்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது. ஏன் என்பதற்கு மெதுவடையையே எடுத்துக்கொள்வோம்.

உளுந்து வடையில் கோதுமை ஏது என்று தோன்றும். அது பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் அல்ல. அதில் பிசினும் மைதாவும் சேர்ந்திருக்கும். சிலவற்றில் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு. ஒரு கிலோ உளுந்துக்கு 5 கிராம் பெருங்காயத்தூள் போடுகிறோம், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கிராம் மைதா. மைதாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கோதுமையின் புரதமான குளூட்டன் என்றால் 250 மில்லிகிராம். அந்த மாவில் மொத்தம் இரண்டரைக் கிலோ வடை வந்தால், கிலோவுக்கு 100 மில்லிகிராம். ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சிட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். அந்தச் சிறிதளவு பெருங்காயமே அதைப் போல ஐந்து மடங்கு ஆகிவிட்டது. இதை அளந்து பார்க்கும் வசதி எந்தக் கேன்டீனிலும் கிடையாது. அளக்காமல் ‘இல்லாதது’ என்று எழுதுவது வெறும் நம்பிக்கை.

வேர்க்கடலையைத் தடைசெய்வதிலும் இதே சிக்கல். கடலைமிட்டாயை நிறுத்திவிடலாம். சட்னியில், பக்கோடாவில், செக்கு எண்ணெயில் இருப்பதை? நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். வறுத்தாலும் பொரித்தாலும் அது போய்விடாது. வீட்டிலிருந்து வரும் டிபன் பாக்ஸையும் நாங்கள் திறந்து பார்ப்பதில்லை. ‘இங்கே இல்லவே இல்லை’ என்று பலகை தொங்கினால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும், எனக்கு அதுதான் பயம்.

ஆகவே மூன்றாவதை எடுத்தோம். இருப்பதை மட்டும், பெயர் சொல்லி எழுதுவது. சீட்டில் இரண்டு வரிகள் இருக்கும். ‘உள்ளது’ என்றால் தெரிந்தே சேர்த்தது. ‘பட்டிருக்கலாம்’ என்றால் சேர்க்கவில்லை, ஆனால் கரண்டி, எண்ணெய், தட்டு வழியாக ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பக்கோடா பொரித்த அதே எண்ணெயில் பொரித்த வடைக்குச் சீட்டு இப்படி இருக்கும்:

மெதுவடை
உள்ளது: கோதுமை, பெருங்காயத்தில்
பட்டிருக்கலாம்: வேர்க்கடலை, பக்கோடா பொரித்த எண்ணெய் வழியாக

சட்னிக்குத் தனிச் சீட்டு. வடைச் சீட்டைப் படித்துவிட்டுச் சட்னியை ஊற்றிக்கொள்வதுதான் எளிதில் நடக்கும் தவறு.

இந்த முறையிலும் குறை இருக்கிறது. ‘பட்டிருக்கலாம்’ என்று எல்லாவற்றிலும் எழுதிவிட்டால் எங்களுக்குப் பாதுகாப்பு, உங்களுக்குப் பயனில்லை. நாலு நாளில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். அதனால் காரணத்தைச் சொல்ல முடிந்தால் மட்டுமே அந்த வரியை எழுதுவது என்று வைத்திருக்கிறோம். காரணம் தெரிந்தால் நீங்களே முடிவுசெய்யலாம். வேர்க்கடலை சிறிது பட்டாலே வீங்கும் பிள்ளைக்கு அந்த வடை வேண்டாம்.

எந்தெந்தப் பொருள்களை எழுதுகிறோம் என்றால், 2020-ஆம் ஆண்டு வந்த லேபிள் விதிகளில் உள்ளவை: குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற தானியங்கள், பால், முட்டை, மீன், இறால், நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. ஆனால் முறுக்கிலும் தட்டையிலும் எள் விழும், எள்ளுருண்டையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே எள்ளையும் எழுதுகிறோம். ‘கடலை’ என்று மொட்டையாக எழுத மாட்டோம்; கடலை மாவா, கொண்டைக்கடலையா, வேர்க்கடலையா என்று பிள்ளை குழம்பக் கூடாது.

தினமும் காலையில், அன்று பிரித்த பாக்கெட்டைப் பார்த்துத்தான் சீட்டு எழுதப்படும். நேற்றையதைப் பார்த்து அல்ல. பெருங்காயக் கம்பெனி மாறினால் சீட்டும் மாறும். சமையல் செய்தவர் எழுத, கவுண்டரில் நிற்பவர் சரிபார்ப்பார். பிஸ்கட்டைப் பாட்டிலில் கொட்டி உதிரியாக விற்பது நின்றுவிட்டது, ஏனென்றால் உறையோடு விவரமும் குப்பைக்குப் போய்விடுகிறது. காலி உறைகளை மறுநாள் மாலை வரை வைத்திருப்போம். ஒரு பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் டாக்டர் கேட்பதைச் சொல்ல அது வேண்டும். சீட்டு இல்லாத தட்டிலிருந்து ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோம்.

வண்ணப் பொட்டின் நோக்கத்தை முழுதாகக் கைவிடவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அடையாள அட்டையின் பின்பக்கம் பொருளின் படம் ஒட்டித் தருகிறோம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது கவுண்டரில் இருப்பவரின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல.

உங்களிடமிருந்து ஒரு விவரம் வேண்டும். இணைத்துள்ள படிவத்தில் ‘பால் ஒத்துக்கொள்ளாது’ என்று மட்டும் எழுதாதீர்கள். பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றோட்டம் ஆகும் பிள்ளைக்குப் பாலின் சர்க்கரை செரிக்கவில்லை. அந்தப் பிள்ளை சிறிது நெய் பட்ட வடையைச் சாப்பிடலாம். உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், இரைக்கும் என்றால் அது வேறு. அந்தப் பிள்ளைக்கு அந்த நெய்யும் கூடாது. என்ன பொருள், எவ்வளவு பட்டால், எத்தனை நிமிடத்தில், என்ன ஆனது என்று எழுதுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தின் பெயரையும் அது பள்ளியில் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி, வகுப்பாசிரியரிடம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கேன்டீன் மேலாளர்