ரெக்கார்டிங்ல கேக்கற பெல் எந்த ப்ரீசெட்? காதால தேடறதா, ஸ்பெக்ட்ரம் பாக்கறதா

80கள் பாட்டு ஒண்ணோட கீபோர்டு பார்ட்ட அப்படியே வாசிக்கணும்னு உக்காந்தா நோட்ஸ் சீக்கிரம் கிடைச்சிடும், சவுண்டு கிடைக்காது. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அந்தக் காலத்து சிந்தோட ப்ளக்இன்ன போட்டு ப்ரீசெட்ட ஒவ்வொண்ணா மாத்தி காதால ஒப்பிட்டுப் பாக்கறது. இன்னொண்ணு, தனியா கேக்கற ஒரு நோட்ட வெட்டி எடுத்து ஸ்பெக்ட்ரம் பாத்து கணக்கு போடறது. தெரிஞ்சவங்ககிட்ட கேக்கறது மூணாவது வழி, ஆனா பத்து பேர கேட்டா பத்து பேரும் யமஹா டிஎக்ஸ்7ம்பாங்க, பாதி நேரம் அது சரியாவும் இருக்கும், அதனால அத விட்டுடலாம்.

நான் இப்ப பெல் மாதிரி சவுண்டுக்கு முதல்ல ஸ்பெக்ட்ரம்தான் பாக்கறேன். காது மேல நம்பிக்கை இல்லாம இல்ல. மிக்ஸிங்ல ஈக்யூ போட்டிருப்பாங்க, ரிவர்ப் போட்டிருப்பாங்க, கம்ப்ரஸ் பண்ணிருப்பாங்க, அப்புறம் அது எம்பி3யா மாறி நம்ம கைக்கு வந்திருக்கும். இதெல்லாம் சவுண்டோட கலரயே மாத்திடும், காது முதல்ல பிடிக்கறதும் அந்தக் கலரத்தான். சரியான ப்ரீசெட்டயே தாண்டிப் போய்ட்டு, இது ரொம்ப ட்ரையா இருக்கு இதுவா இருக்காதுன்னு அடுத்ததுக்குப் போயிடுவோம். ஆனா ஈக்யூவும் ரிவர்பும் சவுண்டுக்குள்ள சேர்ந்திருக்கற தனித்தனி அலைகள், அதாவது ஒவ்வொரு பார்ஷியலோட அளவ கூட்டும் குறைக்கும், அது எந்த ஃப்ரீக்வென்சில நிக்குதோ அத நகர்த்தாது. டேப் ஸ்பீட மாத்திருந்தாக்கூட எல்லாம் சேர்ந்தே நகரும், ஒண்ணுக்கொண்ணு இருக்கற விகிதம் அப்படியே இருக்கும். நான் இந்தப் பக்கம் சாஞ்சதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு உதாரணம் பாக்கலாம். பெல் மட்டும் தனியா அடிக்கற ஒரு இடம், நோட் ஏ3, அதாவது 220 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டில ஓப்பன் பண்ணி, அடி விழுந்தவுடனே வர்ற அரை செகண்ட செலக்ட் பண்ணி, Analyze மெனுல Plot Spectrum, சைஸ் 16384. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்ல இது ஒரு கோட்டுக்கு சுமார் 2.7 ஹெர்ட்ஸ் வரைக்கும் பிரிச்சுக் காட்டும், நமக்கு தாராளம். மேடு எங்கெங்க இருக்குன்னு கர்சர வச்சு எழுதிக்கணும். 220, 550, 990, 1320, 1760 இப்படி வருதுன்னு வைங்க. எல்லாத்தயும் 220ஆல வகுத்தா 1, 2.5, 4.5, 6, 8. இங்கதான் விஷயம் இருக்கு: 2.5ம் 4.5ம் 3.5க்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு தள்ளி நிக்குது, 6ம் 8ம் 7க்கு அதே மாதிரி நிக்குது, 7ங்கறது 3.5ஓட ரெண்டு மடங்கு. எஃப்எம் சிந்தஸிஸ்ல மாடுலேட்டர்ங்கற ஒரு அலை கேரியர்ங்கற இன்னொரு அலையோட ஃப்ரீக்வென்சிய ஆட்டும்; கேரியர் 1, மாடுலேட்டர் 3.5 வச்சா பக்க அலைகள் சரியா இந்த இடங்கள்லதான் விழும்.

அடுத்து டெக்ஸட்னு ஒரு இலவச ப்ளக்இன், 1983ல வந்த டிஎக்ஸ்7ங்கற எஃப்எம் சிந்த் மாதிரி, கேரியராவோ மாடுலேட்டராவோ வேலை செய்யற ஆறு ஆபரேட்டரோட, அதோட பேட்ச் ஃபைலையே படிக்கும். ஃபேக்டரி பேங்க லோட் பண்ணிட்டு 3.50 விகிதம் இருக்கற பெல்ல தேடினா TUB BELLS வரும். மொத்தம் 32 ப்ரீசெட், ஆனா இப்ப எதத் தேடறோம்னு தெரிஞ்சே தேடறோம். கண்டுபிடிச்சதும் அதே நோட்ட மெதுவா ஒரு தடவ, அழுத்தி ஒரு தடவ அடிச்சுப் பாக்கணும், ஏன்னா பேட்ச்ல வெலாசிட்டி சென்சிட்டிவிட்டி மாடுலேட்டர்லயும் வச்சிருந்தா அழுத்தம் கூடக்கூட சத்தம் மட்டுமில்ல, பிரகாசமும் கூடும். காதால ப்ரீசெட் மாத்திட்டுப் போறவங்க ஒரே அழுத்தத்துல அடிச்சுட்டு "இது டல்லா இருக்கே"ன்னு விட்டுட்டுப் போறது பெரும்பாலும் இதுலதான்.

ஒரு பொறி இருக்கு, கவனிக்கணும். மேல சொன்ன அஞ்சு நம்பரையும் 110ஆல வகுத்துப் பாருங்க: 2, 5, 9, 12, 16. எல்லாமே முழு எண். அப்ப அந்த இடத்துல பேஸ் கிட்டார் ஒரு ஆக்டேவ் கீழ 110ல வாசிச்சிட்டு இருந்தா, அதோட ஹார்மானிக்ஸே பெல் மாதிரி வேஷம் போட்டு நிக்கும். எப்படித் தெரியும்னா, பேஸா இருந்தா 110, 330, 440லயும் மேடு இருக்கும், பெல் மட்டும்னா அந்த இடமெல்லாம் காலியா கிடக்கும். அதனாலதான் தனி நோட்டா கிடைக்கற இடத்தத் தேடறது. அது கிடைக்கலன்னா ஸ்பெக்ட்ரம் பக்கம் போறதே வேஸ்ட்டு, அங்க காதுதான் கை கொடுக்கும்.

பிராஸ் பேட் மாதிரி நீட்டி நிக்கற சவுண்டுக்கு வந்தா கதை அப்படியே தலைகீழ். சா அலைல பண்ணின எந்த பேடயும் எடுத்துப் பாருங்க, பார்ஷியல் எல்லாம் 1, 2, 3, 4னு வரிசையா நிக்கும், எந்தக் கம்பெனி பொட்டிய எடுத்தாலும் அதே வரிசைதான். மேல சொன்ன கணக்கு இங்க ஒண்ணுத்துக்கும் உதவாது. ஃபில்டர் எவ்வளவு மெதுவா திறக்குது, ரெலீஸ் எப்படி விழுது, இதெல்லாம் ப்ரீசெட்ட மாத்தி மாத்தி காதால கேட்டாத்தான் பிடிபடும். இங்க நான் ஒண்ணே ஒண்ண மட்டும் அளந்து பாப்பேன், அந்த அலை அலையா ஆடற வேகம். ரெண்டு ஆசிலேட்டர 10 சென்ட், அதாவது ஒரு செமிடோன்ல பத்துல ஒரு பங்கு விலக்கி வச்சா 220 ஹெர்ட்ஸ் நோட்டோட அடிப்படை அலை செகண்டுக்கு சுமார் 1.3 தடவ ஆடும், ஒரு ஆக்டேவ் மேல போனா 2.5ஆ ஆயிடும். நோட் மேல போகப் போக ஆட்டம் வேகமானா டீட்யூன், எந்த நோட்டுலயும் ஒரே வேகம்னா கோரஸ். ரோலண்ட் ஜூனோ-106ல ஒரு வாய்ஸுக்கு ஒரு ஆசிலேட்டர்தான், அந்த அகலமெல்லாம் உள்ள இருக்கற கோரஸ் குடுக்கறது, அதனால இந்த ஒரு சோதனைலயே பட்டியல் பாதியா சுருங்கும்.

ரெண்டுக்கும் நடுவுல நிக்கற கேஸும் உண்டு. 1987ல வந்த ரோலண்ட் டி-50ல ஆரம்ப அடிக்கு சின்ன சாம்பிள், பின்னாடி சிந்தஸிஸ், Fantasiaன்னு ஒரு ப்ரீசெட் பெல்லையும் பேடையும் சேர்த்தே குடுக்கும். இதுக்கு ஆக்டேவ் வித்தியாசத்துல ரெண்டு நோட்ட எடுத்து ஆரம்ப அடியோட நீளத்தப் பாக்கறது நல்லது. ஒரே சாம்பிள வேகமா ஓட்டினா மேல இருக்கற நோட்டுல அடி கிட்டத்தட்ட பாதி நீளம்தான் வரும். ஆனா எஃப்எம்லயும் மேல் நோட்டுக்கு என்வலப்ப வேகமாக்கற செட்டிங் உண்டு, அதனால இத தனி ஆதாரமா எடுக்காம பார்ஷியல் கணக்கோட சேர்த்துதான் பாக்கணும். 90கள்ல வந்த சாம்பிள் சிந்த் விஷயத்துல எனக்கு அனுபவம் கம்மி, அங்க நானும் காதத்தான் நம்பறேன்.

இன்னொண்ணு, எந்த வழில போனாலும் நமக்குக் கிடைக்கறது பேட்ச்தான், ஸ்டுடியோல நின்ன பொட்டி இல்ல. டிஎக்ஸ்7 பேட்ச யமஹாவோட TX816 ராக்ல போட்டு வாசிச்சிருந்தாலும் விகிதம் இதேதான் வரும், நீங்க அப்புறம் டெக்ஸட்ல வாசிச்சாலும் அதேதான்.