டேட்டாபேங்க் வாட்ச்சுக்கு பேட்டரி மாற்றப் போகிறவர்கள் கவனிக்க

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கத்து ஒரு கடையில் நடந்தது இது. பெரியவர் ஒருவர் போன் நம்பர்களைச் சேமித்துவைக்கும் காசியோ டிபிசி-611 டேட்டாபேங்க் வாட்ச்சை பேட்டரி மாற்றக் கொடுத்தார். புது பேட்டரி போட்டதும் திரையில் அரைகுறைக் கோடுகள்தான் வந்தன, பட்டன்களும் வேலை செய்யவில்லை. "மெமரி சிப் கெட்டுப்போச்சு, நம்பரை மீட்க 450 ரேண்ட் ஆகும்" என்றார் கடைக்காரர். ஒரு வாரம் கழித்து வாட்ச் ஓடியது, ஆனால் ஒரு நம்பர்கூட இல்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை.

அந்த நம்பர்களை யாராலும் மீட்டிருக்க முடியாது. இந்த வாட்ச்சில் 25 பதிவுகள் வைக்கலாம். பெயருக்கு எட்டு எழுத்து, நம்பருக்கு 16 இலக்கம். இங்கிருந்து தமிழ்நாட்டு மொபைலை அழைக்கும் 14 இலக்க நம்பர்கூட முழுசாக அடங்கும். ஆனால் எல்லாமே பேட்டரி மின்சாரம் இருக்கும்வரைதான். பேட்டரியைக் கழற்றினாலோ, அது தானாகத் தீர்ந்தாலோ அழிந்துவிடும். வாங்கும்போது உள்ளே இருக்கும் பேட்டரி தொழிற்சாலையில் சோதனைக்காகப் போட்டது, அது சீக்கிரமே தீரலாம். காசியோவின் கையேடே எல்லாவற்றையும் தனியாக எழுதிவைக்கச் சொல்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் 25 பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து ஏறாது என்பதால் சுருக்கிப் போட்ட பெயர்களுக்கு எதிரே முழுப் பெயரையும் குறித்துவையுங்கள்.

அரைகுறைக் கோடு வந்ததற்கு சிப் காரணமில்லை, ரீசெட் செய்யாததுதான். பின்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி, சி.ஆர். 1616 பேட்டரியை மாற்றிய பிறகு, உள்ளே ‘ஏசி’ என்று ஆங்கில எழுத்தில் குறித்த சின்ன முனையைத் தேட வேண்டும். உலோக இடுக்கியின் ஒரு காலை அந்த முனையிலும் மற்றொன்றை பேட்டரியின் ப்ளஸ் பக்கத்திலும் வைத்து இரண்டு விநாடி பிடித்தால் திரை சரியாகும். இதற்கென்று தனிக் கூலி கேட்பது அநியாயம். வாட்ச்சின் உள்பொறியான மாட்யூலையே புதிதாகப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் கண்ணெதிரே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அலாரத்தை நம்பி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. மாட்யூலிலிருந்து பின்மூடிக்கு ஒலியைக் கொண்டுபோகும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. மூடியைத் திறக்கும்போது அது விழுந்து தொலைந்தால், வாட்ச் சரியாக ஓடும், அலாரம் மட்டும் சத்தமே தராது. திரையில் அலாரக் குறி தெரிவதால் வீட்டுக்குப் போன பிறகும் கண்டுபிடிக்க முடியாது. கடையை விட்டுக் கிளம்புமுன் நேரத்தைச் சரிசெய்து, அடுத்த நிமிடத்துக்கு ஓர் அலாரம் வைத்துக் காதால் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். நம்பர்களைத் திரும்ப ஏற்றுவதை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம், ஏனென்றால் மறுபடி மூடியைத் திறந்து ரீசெட் செய்தால் ஏற்றியதும் போய்விடும்.