சம்பா அடியுரம்: டிஏபி ஒரு மூட்டையா, சூப்பர் மூன்று மூட்டையா?

சம்பாவுக்கு நாற்று விடத் தொடங்கியாயிற்று. நீடாமங்கலம் பக்கம் எங்கள் உரக்கடைக்கு வருகிறவர்கள் "டிஏபி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுகிறார்கள். வந்திருக்கிறது, ஆனால் குறைவு. இன்று காலை இருப்பு இது: டிஏபி 40 மூட்டை, சூப்பர் பாஸ்பேட் 180, யூரியா 220, பொட்டாஷ் 60, 20:20:0:13 காம்ப்ளக்ஸ் 90. விதையில் சிஆர் 1009 சப் 1, பிபிடி 5204 இரண்டும் சான்று விதையாகவே இருக்கின்றன.

டிஏபி 40 மூட்டை எந்த மூலைக்கு? கிடைக்காதவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் சூப்பரை நம்பி வாங்கலாமா, அதில் நஷ்டம் உண்டா என்பதை ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நீண்டகாலச் சம்பாவுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து. மணிச்சத்து முழுவதும் அடியுரமாகவே போக வேண்டும். தழைச்சத்தில் கால் பங்கு, அதாவது 15 கிலோ அடியுரத்துக்கு, மீதி மேலுரத்துக்கு. ஆக நடவுக்கு முன் அந்த ஒரு ஏக்கருக்கு நமக்குத் தேவை 15 கிலோ தழை, 20 கிலோ மணி.

ஒரு மூட்டை டிஏபியில் 9 கிலோ தழையும் 23 கிலோ மணியும் இருக்கின்றன. மணிச்சத்துக் கணக்கு அதிலேயே முடிந்து 3 கிலோ மிச்சம். தழைக்கு இன்னும் 13 கிலோ யூரியா சேர்த்தால் போதும். சூப்பர் மூட்டையில் மணிச்சத்து 8 கிலோதான், தழை கிடையவே கிடையாது. அதனால் சூப்பர் இரண்டரை மூட்டை, யூரியா 33 கிலோ என்று ஆகும். 'ஒரு டிஏபிக்கு மூன்று சூப்பர்' என்று எல்லாரும் சொல்வது ஒரு மூட்டைக்கு ஈடு கட்டும் கணக்கு. ஒரு ஏக்கர் பயிருக்கு இரண்டரையே போதும்.

இப்போது காசு. டிஏபி மூட்டை 1,350 ரூபாய். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, கிலோ ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டிஏபி வழியில் மொத்தம் 1,427 ரூபாய் வருகிறது. சூப்பர் வழியில் யூரியாவுக்கு மட்டும் 195 ரூபாய். மீதி 1,232 ரூபாயில் இரண்டரை மூட்டை சூப்பர் அடங்க வேண்டும் என்றால், மூட்டை 490 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே கிடைத்தால் சூப்பர் லாபம், மேலே போனால் டிஏபி லாபம். ஏழெட்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் டிஏபியை ஏக்கருக்கு 43 கிலோவாகப் பிரித்துப் போட முடியும் என்பதால் அவர்களுக்கு இந்தக் கோடு 430 ரூபாய்க்கு இறங்கிவிடும். சூப்பரின் விலை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மூட்டையில் அச்சிட்ட விலையைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். வண்டிக்கூலி, தூக்குக்கூலி இரண்டரை மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

விலையில் தெரியாத ஒன்று சூப்பரில் உண்டு. இரண்டரை மூட்டையில் ஏறக்குறைய 14 கிலோ கந்தகச்சத்து சேர்ந்தே வருகிறது, சுண்ணாம்புச்சத்தும் உண்டு. டிஏபியில் கந்தகம் இல்லை. வருடக்கணக்காக டிஏபி, யூரியா மட்டுமே கண்ட வயலுக்கு ஒரு சம்பாவாவது சூப்பர் போடுங்கள் என்பது என் கருத்து. கடலைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், சூப்பர்தான். மண்வள அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்திருந்தால் இரண்டையுமே குறைக்கலாம். எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

டிஏபி இல்லாத நாளில் காம்ப்ளக்ஸ் மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 20:20:0:13-இல் மணிச்சத்து மூட்டைக்கு 10 கிலோதான். ஏறக்குறைய டிஏபி விலைக்குப் பாதிக்கும் குறைந்த மணிச்சத்து. இரண்டு மூட்டை போட்டுச் சரிசெய்தால் தழை 20 கிலோவாகி அடியுரத்தில் கூடிவிடும். மேலுரத்துக்கு அது நல்ல உரம்தான். டிஏபிக்கு மாற்றாக அதை நான் எடுத்துக் கொடுப்பதில்லை.

வாங்கியது டிஏபிதானா என்று சந்தேகம் வந்தால் பழைய தோசைக்கல்லில் நாலைந்து குருணையை இளஞ்சூட்டில் போட்டுப் பாருங்கள். டிஏபி பொரிபோல உப்பும், சூப்பர் உப்பாது. டிஏபி குருணையோடு கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கரண்டியால் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். மூட்டைத் தையல் பிரித்துத் தைத்ததுபோல இருந்தால் வாங்கவே வேண்டாம்.

போடும்போது இரண்டு கவனம். யூரியாவும் சூப்பரும் ஒன்றாகக் கலந்து வைத்தால் நீர்விட்டுப் பிசுபிசுத்துக் கட்டிப்படும். கலக்கிறீர்கள் என்றால் வரப்பில் நின்று கலந்து கையோடு விசிறிவிடுங்கள். சிங்க் சல்பேட்டை டிஏபியோடோ சூப்பரோடோ கலக்கக் கூடாது. மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்கு எட்டாது. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு சேர்த்து, கடைசிச் சமன் முடிந்தபின் நடவுக்குச் சற்று முன் தனியாகத் தூவுங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். யூரியா கரைத்த வாளியை மாடு குடித்தால் செத்துவிடும். வாளியைக் கழுவிக் கவிழ்க்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

விதைக்கு வருவோம். சிஆர் 1009 சப் 1 மோட்டா ரகம், 155 நாள். வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம்வரை முழுகினாலும் மீளும். அதே பயிர் பூக்கும் நேரத்தில் முழுகினால் அந்தக் குணம் கைகொடுக்காது. பிபிடி சன்னம், வியாபாரி விலை கூடக் கேட்பார், ஆனால் குலைநோய்க்கு இளகும், முழுகலையும் தாங்காது. வடிகால் மோசமான பள்ளக்காலுக்கு சப் 1, மேட்டு வயலுக்கு பிபிடி என்று நான் பிரித்துச் சொல்வேன். ஆவணி கடந்துவிட்டால் சப் 1 விடாதீர்கள், மத்திய கால ரகத்துக்கு மாறுங்கள்.

சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்திருக்கும். முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அட்டையில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள். மருந்து கலந்த விதை நிறமேறி இருக்கும். மிஞ்சியதை அரைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது, அந்தச் சாக்கில் அரிசியும் கட்டக் கூடாது. விதை சரியாக முளைக்காமல் புகார் கொடுக்க நேர்ந்தால் அட்டையும் ரசீதும்தான் ஆதாரம், பயிர் கண்ணில் தெரியும்வரை பத்திரமாக வையுங்கள்.

உரம் வாங்க வருகிறவர் ஆதார் அட்டையோடு நேரில் வர வேண்டும், கைரேகை வைத்தால்தான் கருவியில் ரசீது வரும். டிஏபி ஆளுக்கு ஒரு மூட்டை. யூரியா கேட்டால் ஏதாவது ஒரு டப்பாவை எடு என்று தலையில் கட்டும் வேலை இங்கே இல்லை. காலை 8 மணிக்குக் கடை திறக்கும். மழை தூறினால் தார்ப்பாய் கொண்டு வாருங்கள், நனைந்த யூரியாவைத் திருப்பி எடுக்க முடியாது.