ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வெளிநாட்டு பேக் என்று ரீசார்ஜ் கடையில் போட்டுவிட்டார்களா? உடனே ரீசார்ஜ் ஆனதும் போனுக்கு வந்த மெசேஜைப் பாருங்கள்

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூன்று மாதத்தில் அவரிடமிருந்து கிட்டத்தட்ட 2,900 ரூபாயை ஒரு ரீசார்ஜ் கடைக்காரர் வாங்கியிருக்கிறார், அதில் ஒரு ரூபாய்கூட நாங்கள் பேசுவதற்கு உதவவில்லை. கடை பெயரையும் கம்பெனி பெயரையும் நான் எழுதப் போவதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இது நடந்துகொண்டிருக்கலாம்.

ஒரு நாள் ராத்திரி நான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு அம்மா எடுக்கவில்லை. பிறகு போனைப் பார்த்தவர், பச்சை நிற போன் பட்டனை அழுத்தி, என் பெயரைத் தேடித் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அது வாட்ஸ்அப் இல்லை, சாதாரண ஐஎஸ்டி கால். அம்மாவுடைய சிம்மில் இருப்பது மாதாமாதம் போடும் அன்லிமிடெட் பேக். அந்த அன்லிமிடெட் இந்தியாவுக்குள் பேசத்தான், வெளிநாட்டு நம்பருக்கு மெயின் பேலன்ஸில் காசு இருக்க வேண்டும், அவருக்கு அதில் பூஜ்யம். போதுமான பேலன்ஸ் இல்லை என்று ஒரு குரல் சொல்லிவிட்டு கட் ஆகிவிட்டது. பாவம், தம்பிகிட்ட இனிமே பேச முடியாதோ என்று பயந்து மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி கடைக்குப் போய்விட்டார்.

கடைக்காரர், "சிங்கப்பூருக்குப் பேச தனி பேக் போடணும்மா" என்று சொல்லி 1,100 ரூபாய் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதமும் அதே 1,100. நடுவில் சாயங்காலமானால் வீடியோ கால் உறைந்து நிற்கிறது என்று அம்மா சொல்லப் போக, 30 ரூபாய் டேட்டா பூஸ்டரை 50 ரூபாய்க்கு, பதினாலு தடவை போட்டிருக்கிறார். எல்லாம் ரொக்கம், ரசீது கிடையாது. "அந்தப் பையன் நல்ல புள்ளப்பா, உக்கார வச்சு தண்ணியெல்லாம் குடுத்தான்" என்று அம்மா இன்னமும் சொல்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சித்தப்பா மகளை விட்டு அம்மா போனில் வந்த மெசேஜைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் International Roaming pack என்று இருக்கிறது! பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்ப வேண்டாம். ஐஎஸ்டி பேக் என்பது இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு நம்பருக்குப் பேச. ரோமிங் பேக் என்பது இந்திய சிம்மை எடுத்துக்கொண்டு நீங்களே வெளிநாடு போனால் அங்கே பேசவும் நெட் பயன்படுத்தவும். அம்மா தஞ்சாவூரைத் தாண்டியே இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு இரண்டு மாதம் ரோமிங் பேக் ஓடியிருக்கிறது. மெசேஜில் ISD என்று இருக்கிறதா, IR அல்லது Roaming என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

சரி, ஐஎஸ்டி பேக்காவது தேவையா என்றால் எங்கள் வீட்டுக்கு அதுவும் தேவையில்லை. நான் இங்கிருந்து சாதாரண காலில் கூப்பிட்டாலும் அம்மாவுக்குச் செலவு கிடையாது, இன்கமிங் இலவசம், காசு என் பக்கம்தான் போகும் (இங்கே நம்பருக்கு முன்னால் எந்த எண்ணைப் போட்டு அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து ரேட் மாறும், அதை உங்கள் கம்பெனியின் ரேட் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்). வாட்ஸ்அப் கால் என்றால் இரண்டு பக்கமும் டேட்டா மட்டும்தான். ஸ்மார்ட்போனே இல்லாத பெரியவர், அவரேதான் வெளிநாட்டுக்கு அழைக்க வேண்டும் என்றால் மட்டும் ஐஎஸ்டி பேக் போடலாம், அப்போதும் அந்த நாடு அந்தப் பேக்கில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது டேட்டா. போன மாதம் லீவில் ஊருக்குப் போனபோது நானே அளந்து பார்த்தேன். வாட்ஸ்அப்பில் Settings, அதற்குள் Storage and data, அதற்குள் Network usage. அடியில் Reset statistics என்று இருக்கும், அதை அழுத்தினால் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். அம்மா திண்ணையில், நான் கொல்லைப்புறத்தில், பத்து நிமிடம் குரல் காலில் பேசினோம். போனதும் வந்ததும் சேர்த்து ஏறக்குறைய 4 எம்பி. மறுபடி பூஜ்யமாக்கி பத்து நிமிடம் வீடியோவில் பேசினோம், சுமார் 55 எம்பி. நாங்கள் தினமும் பேசுவது நாற்பது நிமிடம், அப்படியென்றால் வீடியோவே ஆனாலும் 220 எம்பிதான். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபி இருக்கிறது. மீதி எங்கே போனது?

போன் செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று ஒரு பட்டியல் இருக்கும். முதலில் யூட்யூப். விடியற்காலை சுப்ரபாதத்தில் ஆரம்பித்து சமைத்து முடிக்கும்வரை பாட்டு ஓடுகிறது, அம்மா திரையைப் பார்ப்பதுகூட இல்லை, ஆனால் வீடியோ முழுத் தரத்தில் இறங்குகிறது. இரண்டாவது வாட்ஸ்அப், அதிலும் கால் இல்லை, சொந்தக்காரர்கள் குரூப்பில் வரும் வீடியோக்கள் தானாக டவுன்லோடு ஆகிக்கொண்டிருந்தன. இதனால் ராத்திரி எட்டு மணிக்குள் 1.5 ஜிபி தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், மறுபடி நள்ளிரவு 12 மணிக்குத்தான் சரியாகும். நான் வேலை முடித்து இங்கே பத்தரைக்குக் கூப்பிடும்போது அங்கே எட்டு மணி. தினமும் அதே நேரத்தில் படம் உறைந்து குரல் விட்டு விட்டுக் கேட்டால், ஆனால் காலையில் பேசினால் நன்றாக இருந்தால், சிக்னல் பிரச்சினை என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் அதே Storage and data-வுக்குள் Media auto-download பகுதியில் When using mobile data என்பதில் எல்லா டிக்கையும் எடுத்தேன். யூட்யூப் செட்டிங்ஸில் மொபைல் நெட்டுக்கான வீடியோ தரத்தை Data saver ஆக்கினேன், பாட்டுக்கு அது போதும். வாட்ஸ்அப்பில் Use less data for calls என்பதை ஆன் செய்தேன், படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நிற்பதில்லை. அப்புறம் என்னுடைய சாட்டைத் திறந்து மூன்று புள்ளி, More, Add shortcut கொடுத்து என் படத்தை முகப்பில் வைத்துவிட்டேன், அதைத் தொட்டால் நேராக வாட்ஸ்அப் சாட்டுக்குப் போகும், மேலே இருக்கும் கேமரா குறியை அழுத்தினால் வீடியோ கால். பச்சை பட்டன் பக்கம் அம்மா இப்போது போவதில்லை. அதே 1.5 ஜிபி பேக்தான், பூஸ்டர் ஒன்றுகூடப் போடவில்லை, ராத்திரி நாற்பது நிமிடம் தடையில்லாமல் பேசுகிறோம்.

கடைக்காரரை நேரில் போய்க் கேட்டேன். "அம்மா வெளிநாட்டு பேக்னு கேட்டாங்க, போட்டேன்" என்கிறார். பூஸ்டருக்குக் கூடுதலாக வாங்கிய 280 ரூபாயை மட்டும், கடையில் நாலு பேர் நின்றதால் எடுத்துக் கொடுத்தார். ரோமிங் பேக்குக்காக அம்மா நம்பரிலிருந்தே 198க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், புகார் எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள், அது இல்லாமல் மேல்முறையீடு செய்ய முடியாது. ஒருமுறை ஆக்டிவேட் ஆன பேக்குக்குப் பணம் திரும்பாது என்று பதில் வந்தது. சிம் ஒரு நாள்கூட நாட்டை விட்டு வெளியே போகவில்லை என்று எழுதி, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.