தண்ணீர் மேட்டில் ஏறிய வரைபடம்: இம்ப்ரஸில் பெட்டிகளை வரிசைப்படுத்திய அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழி வகுப்பு எடுக்கிறேன். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ்தான், அதனால் ஸ்லைடு எல்லாம் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸில். ஐந்தாறு வருடமாக அதோடு மல்லுக்கட்டி வருகிறேன்.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டப் பாடத்துக்கு ஒரு படம் போட்டிருந்தேன். ஆழியாறு அணை, அடுத்து கேரளத்துக்கு வரும் 7.25 டிஎம்சி அளக்கப்படும் மணக்கடவு, அப்புறம் மூலத்தரை, அங்கிருந்து வலதுகரை, இடதுகரைக் கால்வாய்கள். பெட்டிகளைக் கண்ணளவில் நகர்த்தி வைத்து, கனெக்டர் என்னும் இணைப்பு அம்பால் இணைத்திருந்தேன். திரையில் போட்டதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "டீச்சர், மூலத்தரைகிட்ட தண்ணி மேட்டுல ஏறுதே!" என்றான். வகுப்பே சிரித்தது.

அவன் சொன்னது சரி. பெட்டியைத் தேர்ந்தெடுத்து F4 அழுத்தினால் அதன் இடமும் அளவும் எண்ணாகத் தெரியும். Y என்பது மேலிருந்து உள்ள தூரம். மணக்கடவின் Y 6.95, மூலத்தரையின் Y 6.88. இடையில் 0.07 செ.மீ.தான். ஆனால் Standard Connector மடங்கிப் போகிற வகை. இரு பெட்டிகளின் நடுப்புள்ளியும் ஒரே உயரத்தில் இல்லையென்றால், நடுவே ஒரு சின்னப் படிக்கட்டு போட்டுவிடும். பெட்டியின் ஓரத்தில் கண்ணுக்குப் படாத பிசகு அம்பில் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் படம் முடிந்ததும் அம்புகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது நான் செய்யும் முறை இது. ஸ்லைடு 28 செ.மீ. அகலம், 15.75 உயரம். ரூலரிலிருந்து இழுத்து X 2லும் 26லும் இரண்டு வழிகாட்டிக் கோடுகள். இடையில் 24 செ.மீ. நான்கு பத்தி வேண்டும். பெட்டிக்கு 4.5 என்றால் 18 போகும், மிச்சம் 6ஐ மூன்று இடைவெளிக்குப் பிரித்தால் ஆளுக்கு 2. முதல் பெட்டியை இடது கோட்டிலும், கடைசியை வலது கோட்டிலும் ஒட்டி வைக்கிறேன். நடுவில் உள்ளவை எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை. கால்வாய்ப் பெட்டிகள் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து Ctrl+Shift+G கொடுத்து ஒன்றாகக் கட்டிவிட்டால், அந்தக் கட்டுதான் நான்காவது பெட்டி. நான்கையும் தேர்ந்தெடுத்து Distribute பட்டியலில் Horizontally வரிசையில் Spacing கொடுத்தால், இரு ஓரங்களும் அசையாமல் நடுவிலுள்ளவை 8.5லும் 15லும் போய் உட்காரும். அங்கே Center என்றும் ஒன்று இருக்கிறது. அது நடுப்புள்ளிகளைச் சமதூரத்தில் வைக்கும். பெட்டிகள் ஒரே அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றே, அகலம் மாறினால் இடைவெளி கோணலாகத் தெரியும். கனெக்டர்களை இந்தத் தேர்வில் சேர்க்கக் கூடாது, அவற்றையும் பெட்டியாக எண்ணிவிடும். நான் அம்புகளைக் கடைசியில்தான் போடுகிறேன்.

உயரத்தைச் சரிசெய்வதில்தான் ரொம்ப நாள் ஏமாந்தேன். எல்லாவற்றையும் பிடித்து Align-ல் நடுவுக்குக் கொண்டுவந்தால், அது ஸ்லைடின் நடு அல்ல, தேர்ந்தெடுத்தவை மொத்தமாக அடைத்திருக்கும் இடத்தின் நடு. ஒரு பெட்டி தவறிப்போய் 3 செ.மீ. கீழே கிடந்தால், ஒழுங்காக இருந்தவையும் கீழே இறங்கிவரும். இதற்கு மருந்து F4-க்குள் இருக்கிறது: சரியான இடத்தில் உள்ள பெட்டிக்கு Protect என்பதன் கீழ் Position-ஐ டிக் செய்துவிட்டால் அது நகராது, மற்றவை அதை வைத்துத்தான் வரிசையாகும். மேய்ச்சலில் ஒரு மாட்டை முளையில் கட்டிவைப்பது மாதிரி. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வேறெதற்கோ டிக் போட்டுப் பார்த்தபோது கண்டேன்.

இன்னொரு தொல்லை பெயரில். எங்கள் பதிப்பில் Align பட்டியலில் Centered என்றும் Center என்றும் இரண்டு உண்டு. முந்தையது இட-வல நடு, பிந்தையது மேல்-கீழ் நடு. மாற்றி அழுத்தினால் நான்கு பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். Ctrl+Z இருக்கவே இருக்கிறது.

கிரிட்டை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். அதில் ஒட்டுவது பெட்டியின் ஓரம், எனக்கு வேண்டியது நடு. உயரம் வேறுபடும் இரண்டு பெட்டிகளின் மேல்விளிம்பு ஒரே கிரிட் கோட்டில் இருந்தாலும் அம்பு நொண்டத்தான் செய்யும்.

இதையெல்லாம் செய்த பிறகும் போன ஜூனில் படம் மறுபடி கலைந்தது. பக்கத்து வகுப்பு மலையாள டீச்சர் கேட்டார் என்று அதே கோப்பில் பெயர்களை மலையாளத்தில் மாற்றினேன். மணக்கடவுப் பெட்டி மட்டும் கீழ்நோக்கி நீண்டுவிட்டது. அதை மட்டும் டெக்ஸ்ட் பாக்ஸாகப் போட்டிருந்தேன், அதனால் எழுத்து இரண்டாம் வரிக்குப் போனதும் உயரமும் வளர்ந்திருக்கிறது. எழுத்துக்கேற்ப வளரும் அந்த அமைப்பை Text Attributes-ல் நிறுத்தி, உயரத்தை மறுபடி 2 செ.மீ. என்று போட்டேன். படிக்கட்டு போய்விட்டது. இப்போது பெயர் எழுதும் பெட்டி எல்லாமே செவ்வக வடிவம்தான், டெக்ஸ்ட் பாக்ஸ் தலைப்புக்கு மட்டும்.