"நாங்கள்" என்றால் யார்? ஒரு கெப்ஷன் குறிப்புத்தாளுடன் இரண்டு வருடங்கள்

கல்முனையில் புதிதாக உடுப்புக்கடை தொடங்கியிருக்கும் ஒரு தங்கை சென்ற வாரம் வட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, உங்கட பேஜில யார் எழுதினாலும் ஒரே ஆள் கதைக்கிற மாதிரி இருக்கு. அந்தத் தாளை எனக்கும் அனுப்புவீங்களா?" அவள் கேட்டது, எங்கள் பதிவுகளுக்குக் கெப்ஷன் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எழுதுவதற்காக நான் எழுதிவைத்திருக்கும் விதித் தாளை. உடனே அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் அந்தத் தாளின் மேல் எனக்குப் பெருங்கோபம் வந்திருந்தது. அனுப்புவதற்கு முன் அதனோடு இரண்டு வருடம் வாழ்ந்த கதையை எழுதிவிடுவது நியாயம் என்று தோன்றியது.

எங்கள் கடை கல்லடியில் இருக்கிறது. துணி பெரும்பாலும் மருதமுனைத் தறிகளில் இருந்து வருகிறது. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு பதிவுகள் போடுகிறோம். அவற்றை எழுதுபவர்கள் மூன்று பிள்ளைகள்: ஒருவர் ஆரையம்பதி, ஒருவர் காத்தான்குடி, மற்றவர் களுவாஞ்சிக்குடி. மூவரும் நன்றாக எழுதக்கூடியவர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரே கட்டாக வந்த சாறிகளுக்கு ஒரே வாரத்தில் போன மூன்று கெப்ஷன்கள் இவை:

"எங்கள் தறியில் நாங்கள் நெய்த மயில்நீலச் சாறி. உங்கள் அழகுக்கு மேலும் அழகு சேர்க்கும்!"

"ஹாய் டியர்ஸ், புது கலெக்‌ஷன் வந்தாச்சு, ஓடி வாங்க!"

"மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலை. விலை விபரங்களுக்கு உட்பெட்டியில் தொடர்புகொள்ளவும்."

முதலாவதில் பேசுபவர் ஒரு நெசவாளர், இரண்டாவதில் ஒரு தோழி, மூன்றாவதில் ஓர் அலுவலகம். தொடர்ந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கு இது ஒரு கடையா மூன்று கடையா என்ற ஐயம் வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்ய நான் எழுதிய முதல் தாள் முழுத் தோல்வி. "நமது குரல் அன்பானது, நேர்த்தியானது, மண்வாசனை கொண்டது" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மூன்று பிள்ளைகளும் அதை வாசித்தார்கள், மூவரும் ஒப்புக்கொண்டார்கள், மூவரும் முன்பு எழுதியதையே திரும்ப எழுதினார்கள். "ஓடி வாங்க" என்பது அன்பு என்று ஒருவர் உண்மையாகவே நம்பினார். "தொடர்புகொள்ளவும்" என்பது நேர்த்தி என்று மற்றவர் நம்பினார். இருவர் சொன்னதிலும் தவறில்லை. பண்புப்பெயர்களை எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம் என்பதால், அவற்றை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியவில்லை.

தாளை மாற்றவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. "நாங்கள் நெய்த" என்ற அந்தப் பதிவை மருதமுனையில் எங்களுக்கு நெய்து தரும் நானா பார்த்திருக்கிறார். கோபப்படவில்லை. "தங்கச்சி, தறியில இருந்து நெய்தது நீங்களா, என்ட மகளா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதிய பிள்ளைக்குப் பொய் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை. கடையைச் சொல்ல "நாங்கள்" என்று எழுதியிருக்கிறாள், அடுத்த சொல்லாக "நெய்த" தானாக வந்து விழுந்துவிட்டது. அன்று இரவு பண்புப்பெயர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தாளின் தலையில் ஒரே கேள்வியை எழுதினேன்: இந்த வரியில் "நாங்கள்" யார்?

விடையையும் அங்கேயே எழுதினோம். "நாங்கள்" என்றால் துணியைத் தெரிந்து எடுத்து, விலை போட்டு, விற்கும் கடை. ஆகவே நாங்கள் எடுத்தோம், நாங்கள் அளந்தோம், நாங்கள் பொதி செய்தோம் என்று எழுதலாம்; நாங்கள் நெய்தோம், சாயமிட்டோம் என்று எழுதக்கூடாது. நெய்தவரை "நெய்தவர்" என்றே எழுத வேண்டும். "நாம்" என்பது வாசகரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் என்பதால், அது பெருநாளுக்கும் புத்தாண்டுக்கும் ஊர்ச் செய்திக்கும் மட்டும். இந்த வேறுபாடு பள்ளிக்கூட இலக்கணம் போலத் தோன்றலாம். ஆனால் "நூல் விலை ஏறியதால் நாம் விலையைக் கூட்டியுள்ளோம்" என்று ஒரு பதிவு போனபோது, "நாங்களும் சேர்ந்தா கூட்டினோம்?" என்று ஒருவர் கீழே கேட்டிருந்தார். அவர் கேட்டது சரியான கேள்வி.

இந்த ஒரு விதி தந்த மகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "நாங்கள் நெய்தோம்" என்று எழுத முடியாது என்றவுடன், யார் நெய்தார், எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டறிய வேண்டியதாயிற்று. பிள்ளைகள் தாங்களாகவே மருதமுனைக்கு வட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அதே மயில்நீலச் சாறி மறுபடி வந்தபோது காத்தான்குடிப் பிள்ளை எழுதியது இது:

"மருதமுனையில் நெய்த பருத்திச் சாறி, மயில்நீலத்தில் மஞ்சள் கரையுடன். நெய்தவர் இதற்காக மூன்று நாள் தறியில் இருந்தார். முதல் இரண்டு சலவையில் சாயம் சிறிது இறங்கும். தனியாக அலசி நிழலில் உலர்த்துங்கள். விலை 6,800 ரூபாய்."

இதில் "அழகு" என்ற சொல்லே இல்லை. சாயம் இறங்கும் என்று வெளிப்படையாகச் சொல்வதற்கு நான்தான் முதலில் தயங்கினேன். அந்தக் கட்டில் ஒரு சாறிகூடத் திரும்பி வரவில்லை. மற்ற இருவரும் இந்தக் கெப்ஷனை மாதிரியாக வைத்து எழுதத் தொடங்கியபோது, மூன்று குரல்களும் முதல்முறையாக ஒன்றுக்கொன்று அருகில் வந்தன.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். தாளின் இரண்டாவது விதி வினைமுற்றைப் பற்றியது: வாசகரை "நீங்கள்" என்றே அழைக்க வேண்டும், ஏவல் "ங்கள்" என்று முடிய வேண்டும். வாருங்கள், பாருங்கள், உலர்த்துங்கள். "வாங்க", "பாருங்க" கூடாது. "தொடர்புகொள்ளவும்" போன்ற அறிவித்தல் நடையும் கூடாது. தமிழில் ஒரு வாக்கியத்தின் நெருக்கமும் தூரமும் பெரும்பாலும் அதன் கடைசி அசையில்தான் இருக்கின்றன. அதை ஒன்றாக்கினால் பாதி வேலை முடிந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் விரல் பேச்சைத்தான் பின்தொடரும். அவசரத்தில் எழுதும் எவருக்கும் "ங்க" வந்துவிடும், எனக்கும் வரும். இரண்டு வருடமாக நான் திருத்திக்கொண்டே இருப்பது இந்த ஓர் எழுத்தைத்தான்.

நாங்கள் கெப்ஷன்களை முதலில் Google Sheets இல் எழுதி, நான் பார்த்த பிறகே பதிவிடுகிறோம். "ங்க" என்று முடியும் சொல் வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். இரண்டு நாள் மிக அழகாக வேலை செய்தது. மூன்றாம் நாள் "தங்க நிறச் சரிகை" சிவந்தது. அடுத்து "வாங்க விரும்புவோர்" சிவந்தது. துணிக்கடையில் "தங்க" என்ற சொல்லும், விலைக்கு வாங்குவதைச் சொல்லும் "வாங்க" என்ற சொல்லும் எத்தனை முறை வரும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. சரியான கெப்ஷன்கள் எல்லாம் சிவந்து நின்றதால், பிள்ளைகள் சிவப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு உண்மையான பிழைகளும் அப்படியே வெளியே போயின. கெடுத்தவள் நான்தான் என்றாலும், அந்த மாதம் முழுவதும் எரிச்சலை அவர்கள் மேல் காட்டினேன். அது தவறு.

பிறகு கொஞ்சம் யோசித்ததில் ஒரு வழி தென்பட்டது. அழைக்கும் "வாங்க" வாக்கியத்தை முடிக்கும் சொல். விலைக்கு வாங்கும் "வாங்க" முடிக்காது, அதன் பின் இன்னொரு சொல் வரும். "தங்க" என்பதும் அப்படித்தான். ஆகவே நிறுத்தக்குறிக்கு முன்னும் வரி முடிவிலும் வரும் "ங்க" மட்டும் சிவக்கும்படி மாற்றினேன்:

```
=REGEXMATCH(C2,"(?m)ங்க\s*([.!?]|$)")
```

தொடக்கத்தில் உள்ள (?m) இல்லாவிட்டால் கெப்ஷனின் ஆகக் கடைசி வரியின் முடிவை மட்டுமே அது பார்க்கும், நடுவில் நிறுத்தக்குறி இல்லாமல் முடியும் வரிகள் தப்பிவிடும். அதன் பிறகு தேவையில்லாத சிவப்பு மிகக் குறைந்தது. ஆனாலும் "வாங்க" என்பதற்குப் பின்னால் ஒரு பூப்படத்தைப் போட்டுவிட்டால் விதிக்குக் கண் தெரியாது. வாக்கியத்தின் நடுவில் வரும் "நீங்க" என்பதும் தப்பிவிடும். தங்கை கேட்ட அன்று காலை நடந்தது இதுதான்: பெருநாள் துணிப் பதிவு ஒன்றில் நான்கு வரிகளும் "ங்க", நான்கின் முடிவிலும் பூ, கட்டம் வெள்ளையாகவே இருந்தது, நானும் வெள்ளையை நம்பி வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

சொற்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சேலை, புடவை, சீலை என்று இருந்ததைச் "சாறி" என்று ஒன்றாக்கியதில் எவருக்கும் வருத்தமில்லை. ஆனால் "சாரம்" என்று நான் தீர்மானித்தது தவறு. நெய்பவர்களும் உடுப்பவர்களில் பெரும்பகுதியினரும் "சாரன்" என்கிறார்கள், காத்தான்குடிப் பிள்ளை முதல் நாளே அதைச் சொன்னாள், நான் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்துத் தாளில் "சாரன்" என்று மாற்றினேன். "லுங்கி" மட்டும் இன்றும் தடை. நம் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லி எவரும் கடைக்குள் வருவதில்லை.

தாள் எட்டாத இடமும் ஒன்று உண்டு. கெப்ஷனில் "நீங்கள்" என்று மரியாதையோடு பேசும் கடை, கீழே கேட்கப்படும் கேள்விக்கு இரவு பத்து மணிக்கு "யெஸ் டியர், இன்பாக்ஸ்" என்று பதில் சொல்கிறது. பதில்களை முன்கூட்டியே எழுதி வாங்கிப் பார்க்க எனக்கு நேரமில்லை. பிள்ளைகளுக்கும் அது நியாயமான வேலையல்ல.

தங்கைக்கு என்ன சொல்வது? சென்ற மாதம் கேட்டிருந்தால் அப்படியே எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். களுவாஞ்சிக்குடிப் பிள்ளை பிரசவ விடுமுறையில் போன இடத்துக்கு வந்தவள், முதல் வாரத்திலேயே எங்கள் குரலில் எழுதினாள். அதைச் செய்தது இந்தத் தாள்தான். இருந்தும் இன்று என்னால் இதைப் பரிந்துரைக்க முடியவில்லை. இப்போது பதினொரு பக்கமாக வளர்ந்துவிட்ட தாளில் எனக்கே பாதி நினைவில் இல்லை. சிவப்புக் கட்ட விதியை வெள்ளிக்கிழமை அழித்துவிட்டேன். ஒவ்வொரு வரியின் முடிவையும் இனி வாய்விட்டு வாசித்துத்தான் பதிவிடப்போகிறோம்.

அவளுக்கு நான் அனுப்பியது முதல் பக்கமும், மயில்நீலச் சாறிக்கு முதலில் எழுதிய கெப்ஷனும் பிறகு எழுதிய கெப்ஷனும் அடுத்தடுத்து இருக்கும் ஒரு படமும் மட்டுந்தான். அவளுடைய துணியும் மருதமுனையில் இருந்துதான் வருகிறது. நெய்பவரின் தொலைபேசி இலக்கம் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்; இன்னும் பதில் வரவில்லை.